பூயா அடித்தோம், பணம் எங்கே? – நுகர்வோர் கேள்வி-பதில்

நாலு பேர் சேர்ந்து டீமுக்கு 200 ரூபாய் கட்டி, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கேமில் தனியாகத் திறக்கிற கஸ்டம் ரூமில் ஆடினோம். பூயா அடித்தோம், அதாவது கடைசிவரை நின்று ஜெயித்தோம். முதல் பரிசு 5,000. ஸ்கிரீன்ஷாட் போட்டதும் “ஹேக் யூஸ் பண்ணீங்க, டிஸ்குவாலிஃபை” என்று டெலிகிராம் குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார்கள். போஸ்டரை இணைத்திருக்கிறேன். – எஸ்., வியாசர்பாடி

போஸ்டரைப் பார்த்தேன் தம்பி. 12 டீம், டீமுக்கு 200. வசூல் மொத்தம் 2,400 ரூபாய். பரிசு 5,000, 2,000, 1,000. கூட்டினால் 8,000. மீதி 5,600 ரூபாயை யார் தருவார்கள்? ஸ்பான்சர் என்று ஒரு டீக்கடை பெயர்கூட அதில் இல்லை. ரூமுக்குள் நுழையும் முன்பே பணம் போய்விட்டது.

இப்படிக் கணக்கில் மாட்டுகிறவர் தொழிலுக்குப் புதுசு. பழகினவர் போஸ்டரில் கணக்கு கச்சிதமாக இருக்கும். முதல் நாலைந்து மேட்சுக்குப் பரிசையும் ஒழுங்காகப் போடுவார். அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளைக் குரூப்பில் பின் பண்ணிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ‘கிராண்ட் ஃபைனல்’, டீமுக்கு 500 என்பார். ரூம் ஐடி, பாஸ்வேர்டு மேட்சுக்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் வரும் என்பது எல்லாருக்கும் பழக்கம் என்பதால் அதுவரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஐடி வரவேண்டிய நேரத்தில் குரூப்பே இருக்காது.

உங்கள் ஆள் பிடித்த வழி எனக்கு இன்னும் எரிச்சல். ஜெயித்தவனையே திருடன் ஆக்கிவிட்டால், நியாயம் கேட்க வந்தவன் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே நேரம் சரியாகிவிடும். வியாசர்பாடிக்காரருக்கு கேரம் டோர்னமெண்ட் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எண்ட்ரி கட்டும்போதே கோப்பை மேஜைமேல் இருக்கும். அம்பயர் போர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பவுலா இல்லையா என்ற சண்டை எல்லார் கண் முன்னாலும் நடக்கும். நடத்துகிறவர் வீடு எந்தத் தெரு என்று சின்னப் பையனுக்கும் தெரியும். இங்கே மேட்ச் நடத்துகிற ஹோஸ்ட்தான் அம்பயர், ஹோஸ்ட்தான் கல்லாப்பெட்டி. ‘ஹோஸ்ட் முடிவே இறுதியானது’ என்று போஸ்டர் மூலையில் எறும்பு சைஸில் போட்டிருக்கிறாரே, படித்தீர்களா? பணத்தைப் பிடித்துவைத்திருப்பவனே தீர்ப்பும் சொல்வான் என்பதற்குத்தான் அந்த வரி.

அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: எங்களைத் தூக்கிவிட்டீர்கள், சரி, முதல் பரிசு இப்போது எந்த டீமுக்குப் போயிற்று? நிஜமாகவே ஹேக் என்றால் இரண்டாவது டீம் மேலே ஏறியிருக்கும், பாயிண்ட்ஸ் டேபிள் மாறியிருக்கும். இரண்டாவது வந்த டீமைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். அவர்களும் ‘ஹேக்கர்’ ஆகியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது செய்யவேண்டியது: பணம் யார் போனிலிருந்து போனதோ அவர் 1930க்குப் போன் போடட்டும், அல்லது cybercrime.gov.in தளத்தில் பணமோசடிப் பிரிவில் புகார் பதியட்டும். யுபிஐ ரசீதில் இருக்கும் 12 இலக்க யுடிஆர் எண், பணம் போன யுபிஐ ஐடி, போஸ்டர், ஹோஸ்டின் யூசர்நேம் வேண்டும். பணம் அந்தக் கணக்கிலேயே கிடக்கும்போது சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு. இரண்டு நாள் கழித்துச் சொன்னால் நாலு கணக்கு தாண்டியிருக்கும். டெலிகிராமில் அவர் தன் பக்கத்தில் அழித்தால் உங்கள் பக்கத்திலும் அழியும்படி செய்ய முடியும். அதனால் திட்டுவதற்கு முன்னால் சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மற்ற 11 டீம்களும் தனித்தனியாகப் புகார் கொடுத்தால் நல்லது. 200 ரூபாய்க்கு யாரும் அசையமாட்டார்கள். ஒரே யுபிஐ ஐடி மேல் 12 புகார் என்றால் கதை வேறு.

10 ரூபாய் எண்ட்ரி, முதல் பரிசு ஐபோன். கட்டலாமா? – ஆர்., கொருக்குப்பேட்டை

வேண்டாம்.

ஒரு டோர்னமெண்டில் 15,000 ஜெயித்தேன். 30 சதவீத வரி 4,500 முன்கூட்டிக் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். அப்புறம் ‘ரிலீஸ் சார்ஜ்’ 1,200, கட்டினேன். இப்போது ஜிஎஸ்டி 2,700 கேட்கிறார்கள். பான் எண் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இதோடு முடியுமா? – வி., காசிமேடு

நீங்கள் கட்டுகிறவரை முடியாது.

30 சதவீதம் என்ற எண் நிஜம்தான். ஆன்லைன் கேம் வெற்றிப்பணத்துக்கு 2023 ஏப்ரலிலிருந்து அந்த வரிப்பிடித்தம் இருக்கிறது. பொய்யில் கொஞ்சம் நிஜத்தைக் கலந்திருக்கிறார்கள். ஆனால் பிடித்தம் என்றால் தருகிற பணத்தில் பிடிப்பது. உங்கள் கைக்கு 10,500 வரவேண்டும். உங்களிடமிருந்து 4,500 போகக்கூடாது. உங்கள் பான் எண்ணைக்கூடக் கேட்கவில்லை என்கிறீர்கள். பிறகு யார் பெயரில் வரி கட்டினார்களாம்?

முதல் தடவைக்குத் திட்ட எனக்கு அருகதை இல்லை. அண்ணன் மகனுக்காக, கேமுக்குள் செலவு பண்ணுகிற டைமண்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்ற ஒருவரிடம் 400 ரூபாய் கட்டினேன். “சர்வர் பிஸி சார், இன்னும் 150 போட்டால் உடனே ஏறிடும்” என்றார். அதையும் போட்டேன். பையன் இன்றைக்கும் என்னை ‘டைமண்ட் சித்தப்பா’ என்றுதான் கூப்பிடுகிறான். ஆனால் மூன்றாவது தடவை பர்ஸைத் திறக்கிறீர்களே, அதற்கு என்னிடம் அனுதாபம் இல்லை. இரண்டு யுடிஆர் எண்ணோடும் இன்றைக்கே 1930.

என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். என் போனிலிருந்து 11 நாளில் 40, 40 ரூபாயாக 680 ரூபாய் டோர்னமெண்டுக்குக் கட்டியிருக்கிறான். ஒரு தடவைகூடப் பரிசு வரவில்லை. கேட்டால் அழுகிறான். – ஒரு தாய், தண்டையார்பேட்டை

அடிக்காதீர்கள் அம்மா. 680ஐ நாற்பதால் வகுத்தால் 17 தடவை. ஒவ்வொரு தடவையும் விட்டதைப் பிடிக்கத்தான் கட்டியிருப்பான். யுபிஐ பின்னை இன்றைக்கே மாற்றுங்கள். அவனை வைத்துக்கொண்டே பேங்க் ஸ்டேட்மெண்டில் அந்த 17 வரிகளையும் குறித்து, புகாரில் 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் வாங்கினார்கள் என்று எழுதுங்கள். தமிழ்நாட்டு ஒழுங்குமுறைப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு அனுமதி கிடையாது.

“போலீசுக்குப் போனால் பணம் கட்டி ஆடினதுக்கு நீயும் உள்ளே போவே” என்று டோர்னமெண்ட் நடத்தினவன் மிரட்டுகிறான். நிஜமா? – கே., புளியந்தோப்பு

பொய். 2025இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த ஆன்லைன் கேமிங் சட்டத்தில் நடத்துகிறவருக்கும் விளம்பரம் செய்கிறவருக்கும் பணப்பரிமாற்றத்துக்கு வழி செய்கிறவருக்கும்தான் தண்டனை, ஆடினவருக்கு இல்லை. அந்த மிரட்டல் மெசேஜையும் புகாரோடு சேருங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? – டி., ராயபுரம்

போகலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பின் பெயர், முகவரி வேண்டும். நடத்தினவரைப் பற்றி உங்களிடம் இருப்பது ஒரு நெருப்பு எமோஜியும் ‘பாஸ்’ என்ற பெயரும். நோட்டீஸ் எங்கே போகும்? முதலில் சைபர் புகார்.

நான் நேர்மையாக நடத்துகிறேன். டீமுக்கு 100, 12 டீம், 1,200இல் 900 பரிசாகக் கொடுத்துவிடுகிறேன். எல்லாரையும் ஒரே மாதிரி திட்டாதீர்கள். – ஒரு ஹோஸ்ட், கொளத்தூர்

கொடுக்கிறீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் அந்த 2025 சட்டத்தின் வரையறையைப் படியுங்கள்: திறமையோ அதிர்ஷ்டமோ, கட்டணம் கட்டி, பதிலுக்குப் பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்போடு ஆடினால் அது பண விளையாட்டு. நுழைவுக் கட்டணம் வாங்க விலக்கு இருப்பது அங்கீகாரமும் பதிவும் பெற்ற இ-ஸ்போர்ட்ஸுக்கு. வாட்ஸ்அப் குரூப் அதில் வராது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம் என்று இருக்கிறது. 300 ரூபாய் லாபத்துக்கு இது கட்டுப்படியாகாது. எண்ட்ரி வாங்காமல், தெருவில் ஒரு கடைக்காரரைப் பிடித்துப் பரிசு போடச் சொல்லி நடத்துங்கள். அடுத்த வாரத்துக்கு யாரிடமாவது 100 வாங்கி வைத்திருந்தால் இன்று இரவே திருப்பிப் போட்டுவிடுங்கள்.