சாப்பிடவில்லையா என்றால் ஆமாம் என்பதா, இல்லை என்பதா?

"அண்ணா, ஜெர்மனி வந்து ரெண்டு மாசம் ஆகுது. ரிப்போர்ட் இன்னும் முடியலையான்னு மேனேஜர் கேட்டார். 'யா'ன்னு சொன்னேன். முடிஞ்சதுன்னு நினைச்சுட்டார். இங்கே எப்படித்தான் பதில் சொல்றது?"

தம்பி, உங்களுக்கு ரிப்போர்ட்டோடு போயிற்று. எனக்கு ஒரு காலை நேரமே போனது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். உதவியாளர் அம்மா, "இன்று ஒன்றும் சாப்பிடவில்லையா?" என்று ஜெர்மனில் கேட்டார். "யா" என்றேன். சற்றுத் தயங்கி மறுபடி கேட்டார். நானும் இன்னும் உறுதியாக "யா, யா" என்றேன், கூடவே நம்ம ஊர்த் தலையாட்டல் வேறு. சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று முடிவு கட்டி, வேறு நாள் வரச் சொல்லிவிட்டார். பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வயிற்றில் இல்லாமல் வீடு திரும்பினேன்.

நடந்தது இதுதான். தமிழில் 'ஆமாம்' என்றால் நீங்கள் சொன்னது சரி என்று பொருள். "சாப்பிடலையா?" என்று கேட்டால், "ஆமாம், சாப்பிடலை" என்போம். கேட்டவர் நினைத்ததோடு ஒத்துப்போகிறோம். ஜெர்மன் காதுக்கு அப்படி இல்லை. கேள்வியில் 'நிஷ்ட்', 'கைன்' என்று எதிர்மறை இருந்தாலும், பதில் நடந்த விஷயத்தைப் பற்றியதுதான். சாப்பிடவில்லை என்றால் 'நைன்'. ஆங்கிலமும் இப்படித்தான் என்பதால் ஆபீஸில் ஆங்கிலத்தில் பேசினாலும் தப்ப முடியாது.

அப்போ சாப்பிட்டிருந்தால் என்ன சொல்வது? இதற்கென்றே அவர்களிடம் மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது: 'டொஹ்'. கடைசி ஒலி தொண்டைக்குள்ளிருந்து கொஞ்சம் கரகரப்பாக வரும். எதிர்மறையாகக் கேட்டதை மறுப்பதுதான் அதன் வேலை. எதிர்மறைக் கேள்விக்கு வெறும் 'யா' வந்தால் அவர்களுக்கு எந்தப் பக்கம் என்று புரியாது. அந்த அம்மா தயங்கியதும் அதனால்தான். பிரெஞ்சில் இதே வேலையை 'ஸி' செய்கிறது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் 'யெஸ்' இப்படித்தான் இருந்ததாம். சாதாரணக் கேள்விக்கு 'யே', எதிர்மறையை மறுக்க 'யெஸ்'. பிறகு 'யெஸ்' இரண்டு வேலையையும் எடுத்துக்கொண்டது.

டொஹ்ஹுக்கு நம்மிடம் தனிச்சொல் இல்லை, ஆனால் அந்த வேலையைச் செய்ய ஒரே ஓர் எழுத்து இருக்கிறது: வினையின் வாலில் ஒட்டும் 'ஏ'. "பணம் இல்லையா?" "இருக்கே!" "நீ வரலையா?" "வரேனே!" அந்த 'ஏ' எங்கே வருமோ அங்கே டொஹ் போடுங்கள், தொண்ணூறு சதவீதம் சரியாக வரும். எனக்கு எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லித்தராத சூத்திரம் இது. (அவர்கள் "கொம் டொஹ்" என்பதும் கிட்டத்தட்ட நம் "வாயேன்"தான். ஆனால் அது வேறு கதை.)

பழகும் வரை ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். "நைன், இன்னும் முடியவில்லை" என்று வினையையும் சேர்த்தே சொல்லுங்கள். முதல் சொல்லில் தடுமாறினாலும் பின்னால் வரும் வினை காப்பாற்றிவிடும். அவர் சொன்னதை ஆமோதிக்க மட்டும் வேண்டுமென்றால் 'ஷ்டிம்ட்' என்று ஒரு சொல் உண்டு, 'சரிதான்' என்று அர்த்தம். "நீங்கள் நாளைக்கு வரமாட்டீர்கள், ஓடர்?" என்று வாலில் கேள்வி ஒட்டி வருவதற்கு அது நம் 'ஆமாம்' போலவே பொருந்தும். நீங்கள் பதில் சொன்ன பிறகு எதிரில் இருப்பவர் "அப்போ யாவா, நைனா?" என்று திருப்பிக் கேட்டால், ஏற்கெனவே குழப்பிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மறுபடி 'யா' சொல்லாதீர்கள், வினையைச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, படிவங்கள். "எனக்கு வேறு வருமானம் இல்லை" என்று வாக்கியமாகவே அச்சடித்து, பக்கத்தில் கட்டம் இருந்தால், டிக் போடுவது அந்த வாக்கியம் உண்மை என்பதற்கு. அங்கே நம் ஊர் 'ஆமாம்' கணக்குத்தான். கேள்வியா வாக்கியமா என்று ஒரு முறை நின்று பாருங்கள்.

இங்கேயே பிறந்த என் மகனுக்கு இதே சிக்கல் தலைகீழாக வருகிறது. ஊரிலிருந்து அம்மா போனில் "சாப்பிடலையாடா கண்ணு?" என்பார். அவன் மனதில் டொஹ், வாயில் அதற்குத் தமிழ் கிடைக்காமல் "ஆமாம் பாட்டி" என்பான். அடுத்த நிமிடம் போன் என் கைக்கு வரும்: "பிள்ளையை இந்நேரம் வரைக்கும் பட்டினி போட்டு வெச்சிருக்கியே!"