மே மாத அறையை ஜனவரியில் விற்காதீர்கள்

“கொடைக்கானலில் வில்பட்டிப் பக்கம் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். மாடி கட்டிய கடனுக்கு மாதம் 34,000 ரூபாய் தவணை. சீசனில் அறைக்கு 4,800, மற்ற நாளில் 1,800 வாங்குகிறோம். தவணை கட்ட வேண்டியிருப்பதால் ஜனவரியிலேயே மே மாத அறைகளை 25 சதவீதம் தள்ளி, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு பதிவு செய்கிறோம். போன வருடம் 60 இரவு அப்படிப் போனது. ஆனாலும் ஜூனில் கையில் காசு இல்லை. முன்பதிவைக் காட்டினால் உடனடிக் கடன் தருகிறோம் என்று ஒரு ஆப்காரர்கள் கூப்பிடுகிறார்கள். வாங்கலாமா?”
– வாசகி, கொடைக்கானல்

ஆப் கடன் வேண்டாம். கனமான வட்டிக் கடன் ஒன்றை, கடன் என்று தெரியாமலே, ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். 4,800 ரூபாய் அறையை 3,600-க்குக் கொடுக்கிறீர்கள். அதாவது, நான்கு மாதம் முன்னால் 3,600 ரூபாய் கைக்கு வருவதற்காக 1,200 ரூபாயை விட்டுக்கொடுக்கிறீர்கள். மாதக் கணக்கில் பார்த்தால் இது எட்டு வட்டிக்கும் மேல். 60 இரவுக்கு 72,000 ரூபாய் போயிருக்கிறது.

அவசரமாக விற்காவிட்டால் அறை காலியாகக் கிடந்திருக்குமே என்று தோன்றலாம். அந்த 60 இரவில் 15 காலியாகவே போயிருந்தாலும், மீதி 45 இரவு முழு விலைக்குப் போனால் 2,16,000 வரும். நீங்கள் வாங்கியதும் அதே 2,16,000-தான். மே மாதத்தில் உங்கள் அறைகளில் கால்வாசி காலியாகக் கிடக்குமா? போன ஏப்ரலில் போன் செய்தவர்களுக்கு எத்தனை முறை “ரூம் இல்லைங்க” என்று சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், விடை அதில் இருக்கிறது.

ஜூனில் காசு இல்லாததற்கும் இதுவே காரணம். மே மாத வாடகை பிப்ரவரி, மார்ச் தவணையிலேயே கரைந்துவிடுகிறது. ஆனால் தண்ணீர் லாரி, கேஸ், சலவை, சமையல் ஆள் என்று செலவெல்லாம் மே மாதத்தில்தான் வருகிறது. இ-பாஸ் கிடைக்காமல் ஒருவர் ரத்து செய்தால் திருப்பிக் கொடுக்கவும் பணம் இருக்காது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பு இருந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இந்த ஜனவரியில் தள்ளுபடியை நிறுத்துங்கள். ஏப்ரல் நடு முதல் மே கடைசி வரை முழு விலை, பாதி முன்பணம் போதும். 15 நாள் முன்பு வரை ரத்து செய்தால் முழுவதும் திருப்பித் தருவதாகச் சொல்லுங்கள். அந்த முன்பணத்தைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் தனிக் கணக்கில் போடுங்கள், விருந்தினர் வந்து தங்கும் வரை அது அவர்கள் பணம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மூன்று தவணைக்கு 1,02,000 குறைகிறது என்றால் வங்கியில் நகைக்கடன் வாங்குங்கள். மாதம் ஒரு வட்டி என்று வைத்து, முழுத் தொகைக்கும் நான்கு மாதம் போட்டாலும் 4,080 ரூபாய்தான். மே முடிந்ததும் நகையை மீட்டுவிட வேண்டும். அதோடு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் தவணையையும் அப்போதே எடுத்துத் தனியாக வையுங்கள். இது ஒரு முறை செய்தால், அடுத்த ஜனவரியில் இந்த நெருக்கடி பாதிக்கு மேல் குறையும்.

அப்புறம், சீசனில் குறைந்தது இரண்டு இரவு என்ற விதி வையுங்கள். சனிக்கிழமை மட்டும் கேட்பவருக்குக் கொடுத்தால் வெள்ளிக்கிழமை தனியாக நின்றுவிடும், அதை விற்பது கஷ்டம். விதியை விடாப்பிடியாகவும் பிடிக்காதீர்கள். வியாழன், வெள்ளி ஒருவரும் ஞாயிறு முதல் இன்னொருவரும் பதிவு செய்து, நடுவில் சனி மட்டும் மிஞ்சினால், அதை ஒற்றை இரவாகவே முழு விலைக்குக் கொடுங்கள். அந்த வாரம் புதன்கிழமை வரை இரண்டு இரவுக்கு யாரும் வரவில்லையென்றாலும் விதியைத் தளர்த்திவிடலாம்.

முன்பதிவுத் தள்ளுபடி பயன்படுவது ஜூலை, ஆகஸ்ட் வார நாட்களில்தான். ஒரு மாதம் முன்பே பதிவு செய்து மூன்று இரவு தங்கினால் 15 சதவீதம் குறைக்கலாம், 1,800 என்பது 1,530 ஆகும். சலவை, வெந்நீருக்கான மின்சாரம், காலை டிபன், துப்புரவு எல்லாம் ஓர் இரவுக்கு 650 ஆகிறது என்று வையுங்கள், உங்கள் நோட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் 880. மூன்று இரவு ஒரே ஆள் என்றால் விரிப்பு மாற்றும் செலவும் ஒரு முறைதான். ஒற்றை இரவு கேட்டு வருகிறவருக்கும் அந்த மாதங்களில் அறை இல்லை என்று சொல்லாதீர்கள், தள்ளுபடி மட்டும் வேண்டாம்.

அந்த மாதங்களில் தவணையை மனதில் வைத்து விலை சொல்லாதீர்கள். 34,000-ஐ நினைத்து 2,500 கேட்டால் அறை காலியாகும், பயந்து 800-க்கு இறங்கினால் 150 ரூபாய்க்காக அறையைத் தேய்க்கிறீர்கள். 1,200-க்குக் கீழே போக வேண்டாம்.