பெர்பெத்துவா எழுதாமல் விட்டது (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

ரோமானியர் காலத்தில் கிறிஸ்தவ விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட பெர்பெத்துவா, பெலிசித்தா என்ற இரண்டு பெண்களின் வரலாற்றை 14 நிமிட வீடியோவாகச் செய்திருக்கிறோம். ஓவியங்கள், பின்னணிக் குரல், கொஞ்சம் இசை, அவ்வளவுதான். குடும்பக் கூடுகை ஒன்றில் போட்டுக் காட்டினோம். நான்கு வயதுப் பிள்ளை முதல் தாத்தா பாட்டி வரை எல்லோரும் இருந்தார்கள். தொடக்கத்தில் ‘சில காட்சிகள் மனதைப் பாதிக்கலாம்’ என்று அட்டை வைத்தோம். அரங்கத்தில் விலங்குகள் வரும்போது சின்னப் பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னோம். ஆனால் அதற்கு வெகு முன்பே ஓர் ஆறு வயதுப் பையன் அழத் தொடங்கி, வெளியே தூக்கிப்போக வேண்டியதாயிற்று. அவன் அம்மாவுக்கு எங்கள்மீது கோபம். வேறு சிலரோ, மறைசாட்சிகள் கதைக்கு எச்சரிக்கை எதற்கு, இனிப்பு தடவியா கொடுப்பது என்கிறார்கள். எத்தனை வயதுக்கு மேல் என்று போடுவது? யூடியூபில் ‘மேட் ஃபார் கிட்ஸ்’ என்று குறிக்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய சுட்டியில் இரண்டு தடவை பார்த்தேன். பையன் எந்த இடத்தில் அழுதான் என்று நீங்கள் எழுதவில்லை. என் ஊகம், நான்காவது நிமிடம்.

அங்கே பெர்பெத்துவா சிறையில் காணும் கனவு வருகிறது. அவளுடைய தம்பி தினோக்ராத்தெஸ் ஏழு வயதில் முகத்தில் புண் வந்து இறந்துபோனவன். கனவில் ஓர் இருட்டான இடத்திலிருந்து அழுக்கும் தாகமுமாக வெளியே வருகிறான். முகத்தில் அதே புண். தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஆனால் விளிம்பு அவன் உயரத்துக்கு மேலே. எக்கி எக்கிப் பார்க்கிறான், எட்டவில்லை. உங்கள் ஓவியர் நன்றாக வரைந்திருக்கிறார், அதுதான் வம்பு. கேமரா மெல்ல மெல்ல அந்தப் புண்ணை நோக்கிப் போகிறது, ஐந்தாறு விநாடி அங்கேயே நிற்கிறது. ஆறு வயதுப் பையன் திரையில் பார்த்தது தன் உயரத்தில் ஒரு பையனை.

இதற்கு நீங்கள் எச்சரிக்கை எதுவும் வைக்கவில்லை. ரத்தம் இல்லையே என்று நினைத்திருப்பீர்கள். பிள்ளைகளின் பயத்தை ஆராய்ந்தவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இது: ஏறக்குறைய ஏழு வயது வரை பிள்ளைகள் தோற்றத்துக்குப் பயப்படுகிறார்கள். கோரமான முகம், திடீரென்று மாறும் உருவம், இருட்டு. “இது வெறும் கனவுதான்” என்று பின்னணிக் குரல் சொல்வது அந்த வயதில் பெரிதாக உதவாது. மடியில் உட்கார வைத்துக்கொள்வது அதைவிட உதவும். எட்டு வயதுக்கு மேல் பயம் இடம் மாறுகிறது. முகம் எப்படி இருந்தது என்பதைவிட, எனக்கும் இப்படி நடக்குமா என்பது பெரிதாகிறது.

அந்த இரண்டாவது பயத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இதே கதைக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஒலிச்சித்திரம் எழுதினேன். வாள், மாடு, ரத்தம் எல்லாவற்றையும் கவனமாக எடுத்துவிட்டு, இது எல்லோரும் கேட்கலாம் என்று ஒன்பது வயதுத் தங்கை மகளை உட்காரவைத்துப் போட்டேன். அவள் அமைதியாகக் கேட்டாள். அன்று இரவு அவள் அம்மாவிடம், “நீ செத்துப்போனா என்னை யார்கிட்ட விடுவே?” என்று கேட்டிருக்கிறாள். பெர்பெத்துவாவுக்குப் பால்குடிக் குழந்தை. கொஞ்சநாள் சிறைக்குள்ளேயே வைத்துப் பால் கொடுக்கிறாள், சிறை எனக்கு அரண்மனை ஆகிவிட்டது என்று எழுதுகிறாள். தண்டனைத் தீர்ப்புக்குப் பிறகு ஆள் அனுப்பிக் கேட்கும்போது அவள் அப்பா குழந்தையைத் தர மறுத்துவிடுகிறார். பெலிசித்தா சிறையில் எட்டாம் மாதத்தில் ஒரு பெண்குழந்தையைப் பெறுகிறாள், அதை வேறொரு பெண் வளர்க்கிறாள். இதெல்லாம் நமக்கு உருக்கமான இடம். ஒன்பது வயதுக்கு இது அம்மா தானாகவே விட்டுப்போகும் கதை.

பதின்வயதினரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அவர்கள் சினிமாவில் இதைவிட எவ்வளவோ பார்த்தவர்கள் என்று விட்டுவிடுகிறோம். 1983-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அணுஆயுதப் போர் பற்றிய படம் ஒன்று பலத்த எச்சரிக்கைகளுடன் ஒளிபரப்பானது. பிறகு பெற்றோரிடம் விசாரித்துப் பார்த்தபோது, சின்னப் பிள்ளைகளைவிடப் பதின்வயதினர்தான் அதிகம் கலங்கியிருந்தார்கள். சின்னவர்களுக்கு அந்தப் படத்தின் பொருள் எட்டவே இல்லை. உங்கள் வீடியோவில் நரைத்த தலையுடன் அப்பா மகளின் கையை முத்தமிட்டு, காலில் விழுந்து கெஞ்சுகிறார். அவள் முன்னாலேயே அவருக்குப் பிரம்படி விழுகிறது. பதினைந்து வயதில் வீட்டில் அப்பாவோடு முட்டிக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு மாட்டின் கொம்பைவிட இது ஆழமாக இறங்கும். இறங்கட்டும், அந்த வயதுக்குத் தேவையான காட்சிதான். நான் சொல்வது, அது அங்கே இருக்கிறது என்று பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

வீடியோவின் கடைசியில் திரையில் வரும் ‘நீங்களாக இருந்தால் மறுதலித்திருப்பீர்களா?’ என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பெரியவர்கள் அதைத் தியானமாக எடுத்துக்கொள்வார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அது பரீட்சை. சரியான பதில் என்னவென்று அவர்களுக்குத் தெரியும், அந்தப் பதிலைத் தங்களால் சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

இனி அட்டை விஷயம். ‘சில காட்சிகள் மனதைப் பாதிக்கலாம்’ என்றால் எந்தக் காட்சிகள், யார் மனதை? அம்மாவால் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. எச்சரிக்கை வாசகங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2023-இல் வெளியிட்ட முடிவும் அட்டைக்குச் சாதகமாக இல்லை. எச்சரிக்கையைப் படித்ததால் பார்ப்பவரின் வேதனை குறைவதில்லை, பார்ப்பதற்கு முன் பதற்றம்தான் கொஞ்சம் கூடுகிறது. ஆகவே திரை இருண்ட பிறகு, பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும்படி அட்டை போடுவதில் பயன் இல்லை. அழைப்பிதழிலோ வாட்ஸப் செய்தியிலோ, பெற்றோர் முடிவெடுக்க அவகாசம் இருக்கும்போதே சொல்லுங்கள். வயதை மட்டும் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. ‘12+’ என்று போட்டால் பத்து வயதுப் பையன்கள் முன்வரிசைக்கு வருவார்கள். தவிர, அதே வயதில் சமீபத்தில் வீட்டில் ஒரு சாவைப் பார்த்த பிள்ளையும் இருக்கும், பார்க்காத பிள்ளையும் இருக்கும். அது பெற்றோருக்குத்தான் தெரியும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“முதல் பகுதி, 9 நிமிடம். சிறை. நான்காவது நிமிடத்தில் இறந்துபோன ஏழு வயதுத் தம்பி கனவில் வருகிறான், முகத்தில் புண் உண்டு. தாய் கைக்குழந்தையைப் பிரிகிறாள். தந்தை அடிக்கப்படுகிறார். ரத்தம் இல்லை. இரண்டாம் பகுதி, 5 நிமிடம். அரங்கத்தில் விலங்குகள், வாளால் கொலை. கூட்டத்தின் கூச்சல் கேட்கும். இடையில் விளக்கைப் போடுவோம். சிறியவர்களுக்குப் பக்கத்து அறையில் வேறு ஏற்பாடு உண்டு.”

இதில் ‘கோரம்’, ‘கொடூரம்’ போன்ற சொல் ஏதும் கிடையாது, கவனித்தீர்களா? இருப்பதைச் சொன்னால் போதும். ‘கூச்சல் கேட்கும்’ என்பதையும் வேண்டுமென்றேதான் சேர்த்தேன். நீங்கள் கண்ணை மூடச் சொன்னீர்கள், காது திறந்தே இருந்தது. உங்கள் வீடியோவில் சிறுத்தை கடிக்கும் சத்தம் ஓவியத்தைவிட மோசம். கண்ணை மூடிய பிள்ளை அந்தச் சத்தத்துக்குத் தானே ஒரு படம் வரைந்துகொள்ளும், அதை வெட்ட உங்கள் எடிட்டரால் முடியாது. கடிக்கும் ஒலியை எடுத்துவிட்டுக் கூட்டத்தின் இரைச்சலை மட்டும் தாழ்வாக விடுங்கள்.

இரண்டு பகுதியாகப் பிரிப்பது என் சொந்த யோசனை இல்லை, பெர்பெத்துவாவே பிரித்துக் கொடுத்திருக்கிறாள். 203-ஆம் ஆண்டு மார்ச் 7-இல் கார்த்தேஜில் கொல்லப்பட்டபோது அவளுக்கு ஏறக்குறைய 22 வயது. சிறையில் தன் கையாலேயே எழுதிவந்த குறிப்புகள் அதற்கு முந்தைய நாளோடு நின்றுவிடுகின்றன. அரங்கத்தில் நடக்கப்போவதை விரும்புகிறவர் எழுதிக்கொள்ளட்டும் என்ற பொருளில் ஒரு வரி எழுதி முடிக்கிறாள். மாடு முட்டியது, அவள் கிழிந்த உடையைச் சரிசெய்து கூந்தலை முடிந்துகொண்டது, அனுபவமில்லாத இளம் கிளாடியேட்டரின் நடுங்கும் கையைப் பிடித்துத் தன் கழுத்துக்குக் கொண்டுபோனது, எல்லாம் பெயர் தெரியாத இன்னொருவர் பிற்பாடு எழுதிச் சேர்த்தவை. அவள் நிறுத்திய இடத்தில் நீங்களும் நிறுத்தி, விளக்கைப் போட்டு, “மறுநாள் அவர்கள் கொல்லப்பட்டார்கள்” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் கதை குறைந்துவிடாது. இனிப்பு தடவுகிறீர்கள் என்று சொல்கிறவர்களிடம் இதையே சொல்லலாம். சாவை மறைத்து, சொர்க்கத்துக்குப் போனாள் என்று மட்டும் முடித்தால்தான் இனிப்பு தடவுவது. அப்புறம் பிள்ளைகள் வேறெங்காவது மீதியைக் கேட்டுவிட்டு உங்களைப் பொய்யர் என்பார்கள்.

நான்காவது நிமிடத்தையும் முழுதாக வெட்ட வேண்டாம். கேமரா புண்ணுக்குப் போகாமல் தொட்டியின் விளிம்பில் நிற்கட்டும், எக்கும் விரல்கள் தெரிந்தால் போதும். முக்கியமாக, அந்தக் கனவுக்கு ஒரு மறுபாதி உண்டு, அதை விட்டுவிட்டீர்கள். அவள் தம்பிக்காக நாள்கணக்கில் வேண்டுகிறாள். அடுத்த கனவில் தொட்டியின் விளிம்பு தாழ்ந்திருக்கிறது, புண் இருந்த இடத்தில் தழும்பு மட்டும்தான். அவன் வயிறு நிறையக் குடித்துவிட்டு, சின்னப் பிள்ளைகள் விளையாடுவதுபோல் தண்ணீரில் விளையாடப் போகிறான். இதைச் சேர்த்திருந்தால் அந்தப் பையன் ஒருவேளை மடியிலேயே உட்கார்ந்திருப்பான்.

யூடியூப் பற்றி. ‘மேட் ஃபார் கிட்ஸ்’ வேண்டாம். பிள்ளைகளை முதன்மைப் பார்வையாளராகக் கொண்ட வீடியோவுக்கானது அது. அதைத் தேர்ந்தால் பின்னூட்டப் பகுதியும் மூடப்படும். ‘குழந்தைகளுக்கானது அல்ல’ என்று குறித்தால் வயதுவந்தோர் படம் என்று ஆகிவிடாது, பொதுப் பார்வையாளருக்கானது என்றுதான் பொருள். பதினெட்டு வயதுக் கட்டுப்பாடு இதிலிருந்து வேறு. ஓவியங்கள் மட்டுமே உள்ள உங்கள் வீடியோவுக்கு அதை நீங்களாகப் போட்டுக்கொள்ளத் தேவை இருப்பதாகத் தோன்றவில்லை. போட்டால் மற்ற தளங்களில் பதிந்து காட்டுவதும் பெரும்பாலும் நின்றுபோகும். குறிப்புப் பகுதியில் மேலே எழுதிய அறிவிப்பைப் போட்டு, நேரக்குறிகளையும் சேருங்கள்:

```
0:00 கைது
2:30 சிறையில் குழந்தை
3:50 தம்பியின் கனவு
6:10 தந்தை, விசாரணை
9:05 அரங்கம்
```

முதல் குறி 0:00-இல் தொடங்கி, குறைந்தது மூன்று குறிகள், ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையாமல் இருந்தால் யூடியூப் தானே அத்தியாயங்களாகப் பிரித்துக்கொள்ளும். வீட்டில் பார்க்கும் அம்மா ஒரு தட்டில் தாண்டிவிடலாம்.

ஒன்றை மறந்துவிட்டேன். உங்கள் சுட்டியைத் திறந்ததும் முகப்புப் படத்தில் மாடு கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறது, அதன் கண்ணில் சிவப்பு வேறு. எந்த அறிவிப்பையும் யாரும் படிப்பதற்கு முன்பே கார்ட்டூன் தேடும் பிள்ளையின் கண்ணில் அதுதான் படும். மற்ற வேலையெல்லாம் மெதுவாகச் செய்யுங்கள், அதை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.