பட்டன் பேட்டரியும் குட்டிக் காந்தமும்: பொம்மை வாங்கும்போது எங்கே பார்ப்பது?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது, மகனுக்கு ஏழு. விளக்கு எரிகிற பொம்மைகளும் காந்தக் கட்டைகளும் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். பட்டன் பேட்டரி, காந்தம் இரண்டும் ஆபத்து என்கிறார்களே, விழுங்கினால் காசு மாதிரி மலத்தோடு வந்துவிடாதா? கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: காசு சும்மா கிடக்கும். பேட்டரி வேலை செய்துகொண்டே இருக்கும். வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

பட்டன் பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அதன் இரு பக்கமும் ஈரமான சதைச் சுவரைத் தொடுகின்றன. உடனே மின்சுற்று முழுமையாகி, அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனைப் பக்கத்தில் கடுமையான காரம் உருவாகிறது. கழிவுநீர்க் குழாய் அடைப்பை நீக்க ஊற்றும் காஸ்டிக் சோடாவும் இதே வகைக் காரம்தான். அது சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். பேட்டரி உடைந்து உள்ளிருப்பது கசிவதால்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். கசியவே வேண்டாம், முழுசாக, பளபளவென்று இருக்கும் பேட்டரியே இதைச் செய்யும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண் உண்டாகிவிடலாம். உணவுக்குழாய்க்கு முன்னால் மூச்சுக்குழாயும் அருகிலேயே பெருந்தமனியும் இருப்பதால், பேட்டரியை எடுத்த பிறகும் புண் ஆழமாகிக்கொண்டே போய், நாட்களோ வாரங்களோ கழித்துப் பெரும் ரத்தப்போக்கு ஏற்பட்டு உயிரிழந்த குழந்தைகள் உண்டு.

தீர்ந்துபோன பேட்டரியையும் நம்பாதீர்கள். பொம்மையின் விளக்கை எரிய வைக்க முடியாத அளவுக்கு இறங்கிய பேட்டரியிலும், காரத்தை உண்டாக்கும் அளவுக்கு மின்னழுத்தம் மிச்சம் இருக்கும். பழையதைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுப் புதியதைத் தேடப் போகிற நேரம் ரொம்ப ஆபத்தானது.

எல்லா பேட்டரியும் ஒன்றல்ல. அதன் மேல் அச்சிட்ட எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் கடையில் பாதி வேலை முடிந்துவிடும். CR2032 என்றிருந்தால், CR என்பது 3 வோல்ட் லித்தியம் வகை. அடுத்த 20 என்பது 20 மில்லிமீட்டர் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். CR2025, CR2016 ஆகியவையும் இதே அகலம்தான், CR2450 இன்னும் பெரியது. சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் மாட்டி நிற்க 20 மில்லிமீட்டர் போதும். மின்னழுத்தமும் கூடுதல் என்பதால் நான் மிகவும் அஞ்சுவது இந்த வகைக்குத்தான். LR44 போன்றவை ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் அகலம், 1.5 வோல்ட். இவை பெரும்பாலும் இரைப்பைக்குப் போய் வெளியேறிவிடும். ஆனால் மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டால் இவையும் அதே புண்ணை உண்டாக்கும். எந்தப் பேட்டரி எங்கே நிற்கிறது என்று எக்ஸ்ரே இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

இப்போது ஒரு பொம்மையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். விளக்கெரிந்து சுழலும் பம்பரம், மூன்று LR44 போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பெட்டியின் பின்பக்கம். எந்தப் பேட்டரி என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் “பேட்டரி உள்ளே உண்டு” என்று மட்டும் இருந்தால் அதைத் திரும்ப வைத்துவிடுவேன். அடுத்து மூடி. ஸ்க்ரூ போட்டு, ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் திறக்க முடியாதபடி இருக்கவேண்டும். நல்ல தயாரிப்பில் ஸ்க்ரூவைத் தளர்த்தினாலும் அது மூடியை விட்டுக் கழன்று விழாது. கழன்று விழும் ஸ்க்ரூ முதல் முறையே தொலைந்துபோகும், பிறகு மூடி வெறுமனே செருகி நிற்கும். நகத்தால் நெம்பினால் திறக்கிற மூடி, வெல்க்ரோ ஒட்டிய துணிப்பை, இழுத்தால் வெளியே வரும் சிறு தட்டு எதுவும் இரண்டரை வயதுக்காரி இருக்கும் வீட்டுக்கு ஆகாது. கடைசியாக உடம்பு. பம்பரம் தரையில் மோதுகிற பொம்மை. ஸ்க்ரூ சரியாக இருந்தும் இரண்டு பாதியை வெறும் பசையால் ஒட்டியிருந்தால், விழுந்து பிளந்து பேட்டரி சிதறிவிடும். ஒட்டுவாயை விரல்களால் அழுத்திப் பாருங்கள், பிளவு அசைந்தால் வேண்டாம். முடிந்த இடத்தில் பென்சில் பேட்டரி போடும் பொம்மையையே தேர்ந்தெடுங்கள். அதற்கும் ஸ்க்ரூ மூடி வேண்டும், ஆனாலும் அது குழந்தை எளிதில் விழுங்கக்கூடிய அளவில் இல்லை.

பொம்மை அலமாரியில் இல்லாதவற்றையும் மறக்காதீர்கள். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, ஒளிரும் மோதிரம், மெழுகுவர்த்தி போல மினுக்கும் விளக்கு, சின்ன ரிமோட் எல்லாவற்றிலும் இதே பேட்டரிதான், மூடி இன்னும் மோசம்.

காந்தம் வேறு விதமாகக் கெடுக்கும். நியோடிமியம் என்ற உலோகம் கலந்து செய்த வெள்ளிநிறக் காந்தங்கள் அளவில் மிகச் சிறியவை, இழுவிசையில் மிகப் பெரியவை. ஒன்றை விழுங்கி, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றையும் விழுங்கினால், குடலின் இரு வேறு மடிப்புகளில் இருக்கும்போதே ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். நடுவில் அகப்பட்ட குடல்சுவருக்கு ரத்தம் போகாமல் அது அழுகி ஓட்டை விழும். குடல் முறுக்கிக்கொள்வதும் உண்டு. ஒரே காந்தத்தோடு ஓர் இரும்புத்துண்டு சேர்ந்தாலும் இதே கதைதான். ஆரம்பத்தில் வயிற்றுவலி, வாந்தி, லேசான காய்ச்சல் என்று சாதாரண வயிற்றுக் கோளாறு போலவே இருப்பதால் நாள் வீணாகிவிடுகிறது.

அதனால் நூற்றுக்கணக்கில் உதிரியாக வரும், 3 அல்லது 5 மில்லிமீட்டர் காந்த உருண்டைகளை “பெரியவர்களின் மன அழுத்தம் போக்க” என்று எழுதியிருந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மகனுக்கும் இது பொருந்தும். நாக்கில் வளையம் குத்தியது போலக் காட்ட மேலொன்றும் கீழொன்றும் வைத்து விளையாடி விழுங்குகிறவர்கள் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள்.

காந்தக் கட்டைகள் வாங்கலாம், காந்தம் பிளாஸ்டிக்குள் நிரந்தரமாக அடைபட்டிருந்தால். ஓரங்கள் உருகி ஒன்றாகியிருக்கின்றனவா, மூலைகளில் ரிவெட் இருக்கிறதா என்று பாருங்கள். நகம் நுழையும் இடைவெளி இருக்கக்கூடாது. உள்ளே லேசாகக் கலகலவென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், சில கட்டைகளில் காந்தம் திரும்பும்படியே வைத்திருப்பார்கள். விரிசல் விட்ட கட்டையை ஒட்டிப் பயன்படுத்தாமல் அப்புறப்படுத்துங்கள். “3 வயதுக்கு மேல்” என்ற குறி மகனைக் கணக்கில் கொண்டது, அதே தரையில் தவழ்ந்து விளையாடும் தங்கையை அல்ல.

இணையத்தில் வாங்கும்போது மூடியின் படம் இல்லாவிட்டால் விற்பவரிடம் கேளுங்கள். வாங்கியவர்களின் கருத்துகளில் “மூடி கழன்றது”, “காந்தம் வெளியே வந்தது” என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தாலும் எனக்குப் போதும்.

விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு. எச்சில் வழிவது, சாப்பிட மறுப்பது, இருமல் எல்லாம் வரலாம், எதுவுமே வராமலும் இருக்கலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்கியது பேட்டரி, 12 மணி நேரம் ஆகவில்லை, குழந்தைக்கு ஒரு வயது நிறைந்துவிட்டது, விழுங்க முடிகிறது என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் ஆறு முறை. தேன் புண் ஆழமாவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தேன் தேடுவதற்காக மருத்துவமனைக்குக் கிளம்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். வேறு உணவோ தண்ணீரோ வேண்டாம். காந்தம் என்றால் தேனும் வேண்டாம். பொம்மையையோ அதன் பெட்டியையோ கையோடு எடுத்துப் போங்கள். எக்ஸ்ரேயில் பேட்டரி காசைப் போலத் தோன்றும், அதன் ஓரத்தில் தெரியும் இரட்டை வளையத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்ட இரண்டு காந்தங்கள் ஒன்றாகவே தெரியலாம். என்ன விழுங்கினாள், எத்தனை காணவில்லை என்று நீங்கள் சொன்னால்தான் மருத்துவர் அதைத் தேடிப் பார்ப்பார்.