செக் திரும்பினால் கணக்கில் எப்படி எழுதுவது?

"வாடிக்கையாளர் கொடுத்த 63,000 ரூபாய் செக் ரிட்டர்ன் ஆகிவிட்டது. வங்கி மெமோ கொடுத்ததோடு 236 ரூபாய் கட்டணமும் பிடித்துவிட்டது. டேலியில் போட்ட ரசீதை அழித்துவிட்டு, 236-ஐ வங்கிக் கட்டணத்தில் போட்டால் போதுமா? மெமோவில் இருக்கும் காரணத்தை எங்கே எழுதுவது? கட்டணத்தை அவரிடமே வாங்கலாமா?"

ரசீதை அழிக்காதீர்கள். செக் வாங்கியதும் வங்கியில் போட்டதும் நடந்த விஷயங்கள். திரும்பி வந்தது அதற்குப் பிறகு நடந்த இன்னொரு விஷயம். இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு இருக்க வேண்டும். ரசீதை அழித்துவிட்டால், நாளை இந்தத் தொகைக்காக வழக்குப் போட வேண்டி வரும்போது உங்கள் லெட்ஜரில் அப்படி ஒரு செக் வந்ததற்கே தடயம் இருக்காது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அந்த லெட்ஜரைத்தான். நீங்கள் கம்பெனியாகப் பதிவு செய்தவர் என்றால் இன்னொன்றும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற தடத்தைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். அழித்த ரசீது அதில் தெரியும், ஆடிட்டர் கேட்பார்.

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். பில் எண் 214, மே 10, தொகை 64,000. சீக்கிரம் பணம் தந்ததற்காக 1,000 ரூபாய் தள்ளுபடி கொடுத்து 63,000-க்கு செக் வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செக்கில் இருக்கும் தேதி ஜூன் 2. ஜூன் 3 அன்று வங்கியில் போட்டு, அன்றே ரசீதும் எழுதிவிட்டீர்கள். ஜூன் 4 அன்று செக் திரும்பியது. மெமோ ஜூன் 6 அன்று கைக்கு வந்தது.

முதல் பதிவு ஜூன் 4 தேதியில். மெமோ கைக்கு வந்த நாளில் போடக்கூடாது, வங்கி செக்கைத் திருப்பிய நாளில் போட வேண்டும். டேலியில் Payment வவுச்சர் திறந்து வாடிக்கையாளர் கணக்கில் 63,000 பற்று, வங்கிக் கணக்கில் 63,000 வரவு. பில் வாரியாகக் கணக்கு வைத்திருந்தால் இந்த 63,000-ஐ பில் எண் 214-இலேயே கட்டுங்கள். 'செக் ரிட்டர்ன்' என்று New Ref போட்டு விடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் மே 10-இல் விழுந்த பாக்கி, ஜூன் 4-இல் விழுந்த புதுப் பாக்கியாகத் தெரியும். வயது வாரியாகப் பாக்கிப் பட்டியல் எடுக்கும்போது, மோசமான வாடிக்கையாளர் நல்லவர் வரிசையில் நிற்பார். பதிவு போட்டு முடித்ததும் பாக்கிப் பட்டியலைத் திறந்து, பில் 214 பழைய தேதியோடு மறுபடி வந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அந்த 1,000 ரூபாய் தள்ளுபடி. செக்கை மட்டும் திருப்பிவிட்டு இதை அப்படியே விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பணமே வரவில்லை என்றால் சீக்கிரம் தந்ததற்கான தள்ளுபடி எங்கிருந்து வரும்? ஜர்னல் போட்டு வாடிக்கையாளர் கணக்கில் 1,000 பற்று, தள்ளுபடிக் கணக்கில் 1,000 வரவு எழுதுங்கள். இதையும் பில் 214-இல் கட்டினால் பில் முழுதாக 64,000-க்குத் திரும்பும். ஆனால் வாடிக்கையாளர் டி.டி.எஸ். பிடித்திருந்தால் அதைத் தொடாதீர்கள். அவர் அரசுக்குக் கட்டிய வரி, செக் திரும்பியதால் மறைந்துவிடாது.

இனி கட்டணம். 236 ரூபாயை மொத்தமாக ஒரே வரியில் போடாமல், வங்கி அறிக்கையைப் பாருங்கள். பெரும்பாலும் 200 கட்டணம், 36 ஜி.எஸ்.டி. என்று பிரிந்திருக்கும். செக் ரிட்டர்ன் கட்டணக் கணக்கில் 200 பற்று, சி.ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியில் 18 பற்று, எஸ்.ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியில் 18 பற்று, வங்கிக் கணக்கில் 236 வரவு. வங்கி தன் ஜி.எஸ்.டி. பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. என்று காட்டியிருந்தால் அந்த 36-ம் அதிலேயே போகும். இந்த வரியைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால், உங்கள் ஜி.எஸ்.டி. எண் வங்கியில் பதிவாகியிருக்க வேண்டும், தொகை GSTR-2B-இல் வந்திருக்க வேண்டும். வங்கி வரி பிடிக்காத இடத்தில் நீங்களாக 18 சதவீதம் பிரித்து எழுதிவிடாதீர்கள்.

லெட்ஜரின் பெயரிலும் கவனம் தேவை. 'அபராதம்' என்று லெட்ஜர் திறந்தால், வருமான வரித் தணிக்கையில் சட்டத்தை மீறியதற்குக் கட்டிய அபராதமோ என்ற கேள்வி வரும். அப்படிப்பட்ட அபராதத்தைச் செலவாகக் கழிக்க முடியாது. இது வங்கி வாங்கும் கட்டணம்தான். 'செக் ரிட்டர்ன் கட்டணம்' என்று தனி லெட்ஜர் வைத்தால் போதும், வருஷக் கடைசியில் எவ்வளவு போனது என்றும் தெரியும்.

காரணத்தை எழுத வேண்டிய இடம் முதல் பதிவின் Narration. மெமோவில் காரணத்தோடு ஒரு எண்ணும் இருக்கும். 01 என்றால் கணக்கில் பணம் போதவில்லை. 12 என்றால் கையெழுத்து பொருந்தவில்லை. 20 என்றால் செக் கொடுத்தவரே பணம் தர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். எண்ணையும் வாசகத்தையும் மெமோவில் உள்ளபடியே எழுதுங்கள். 'பவுன்ஸ்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் பின்னால் எந்தப் பயனும் இல்லை. நான் எழுதச் சொல்வது இந்த மாதிரி:

"பில் 214-க்கு வந்த செக் எண் 000123, செக் தேதி 2 ஜூன், ரூ. 63,000. 4 ஜூன் அன்று திரும்பியது. காரணம் 01, பணம் போதவில்லை. மெமோ 6 ஜூன் அன்று பெறப்பட்டது."

இதில் கடைசி வாக்கியம் முக்கியம். செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் நடவடிக்கை எடுப்பதானால், செக் திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூல நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தரவில்லை என்றால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். குறுஞ்செய்தியில் ஜூன் 4 அன்றே தகவல் வந்திருந்தால், மெமோ வந்த நாளைப் பிடித்துக்கொண்டிருக்காமல் ஜூன் 4-லிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. மெமோவின் அசலை வவுச்சர் கோப்பில் துளை போட்டுச் செருகாமல், செக்கோடு சேர்த்துத் தனி உறையில் வையுங்கள். வங்கியின் முத்திரையோடு உள்ள அந்த மெமோவை, செக் திரும்பியதற்கு முதல்நிலைச் சான்றாக நீதிமன்றம் ஏற்கும் என்று அதே சட்டத்தின் 146-ஆம் பிரிவு சொல்கிறது. கணக்குக் கோப்புக்கு நகல் போதும்.

காரணம் தெரிந்தால்தான் உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில் கிடைக்கும். பணம் போதவில்லை, நிறுத்திவிட்டார், கையெழுத்து பொருந்தவில்லை என்பதெல்லாம் அவர் பக்கத்துத் தவறு. கட்டணத்தை அவரிடம் கேட்பது நியாயம், பில்லிலோ ஒப்பந்தத்திலோ முன்பே ஒரு வரி போட்டிருந்தால் கேட்பதற்குச் சங்கடமும் இருக்காது. ஆனால் செக் தேதியிலிருந்து 3 மாதம் கடந்த பிறகு போட்டீர்கள், அல்லது பின்தேதியிட்ட செக்கை முன்கூட்டியே போட்டீர்கள் என்று மெமோ சொன்னால், தவறு உங்களுடையது. அந்தச் செலவை நீங்கள்தான் ஏற்க வேண்டும், வாடிக்கையாளர் கணக்கில் ஏற்றக்கூடாது.

வசூலிப்பதென்றால் எவ்வளவு? 36 ரூபாய் வரியை நீங்கள் கழித்துக்கொண்டால் உங்கள் உண்மையான செலவு 200 மட்டுமே, அதைக் கேளுங்கள். வரியைக் கழிக்க முடியாத காம்போசிஷன் வியாபாரியாக இருந்தால் 236. வாடிக்கையாளருக்கு ஒரு டெபிட் நோட் அனுப்பி, அவர் கணக்கில் 200 பற்று, செக் ரிட்டர்ன் கட்டணக் கணக்கில் 200 வரவு எழுதுங்கள். இப்படி வசூலிக்கும் தொகைக்கு ஜி.எஸ்.டி. போட வேண்டாம். செக் திரும்பியதற்காக வாங்கும் தண்டத்தொகை எந்தச் சேவைக்குமான விலை அல்ல என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178-ஆம் எண் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. தாமதத்துக்கு வட்டி கேட்டால் கதை வேறு. அது பில் மதிப்போடு சேரும், சரக்குக்கு உள்ள விகிதத்தில் வரி உண்டு. அதனால் இரண்டையும் ஒரே டெபிட் நோட்டில் கலக்காதீர்கள்.

இந்தக் கட்டணத்தை பில் 214-இலும் கட்டாதீர்கள், அதற்கென்று தனி எண் கொடுங்கள். காரணம் இதுதான்: எல்லாப் பதிவும் முடிந்த பிறகு அவர் லெட்ஜரில் 64,200 நிற்கும். அவசரத்தில் யாராவது அந்த மொத்தத்தையே நோட்டீஸில் எழுதிவிட்டால், நோட்டீஸே செல்லாமல் போகலாம். 138-இன் கீழ் அனுப்பும் நோட்டீஸில் கேட்க வேண்டியது செக் தொகையான 63,000. கட்டணமோ வட்டியோ கேட்பதானால் அது வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும். கேட்ட தொகையும் செக் தொகையும் ஒத்துப்போகாத நோட்டீஸ்களை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்திருக்கிறது. திரும்பிய தொகை, தள்ளுபடி, கட்டணம் மூன்றுக்கும் மூன்று வவுச்சர் போடச் சொல்வது இதற்காகத்தான். வக்கீலுக்கு லெட்ஜர் நகல் கொடுக்கும்போது 63,000 தனி வரியாக நிற்கும்.

வங்கிச் சரிபார்ப்பில் ஒரு சிக்கல் வரலாம். சில வங்கிகள் 63,000-ஐ முதலில் வரவு வைத்து, பிறகு பற்று வைத்து, அறிக்கையில் இரண்டு வரியும் காட்டும். சில அறிக்கைகளில் இரண்டுமே இருக்காது, கட்டணம் மட்டும் தெரியும். அப்போதும் உங்கள் புத்தகத்தில் ரசீதும் திருப்பமும் இருக்கட்டும். சரிபார்க்கும்போது இரண்டுக்கும் ஒரே வங்கித் தேதி கொடுத்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மார்ச் 31 அன்று போட்ட செக் ஏப்ரலில் திரும்பினால் மட்டும் பதிவோடு நிறுத்தாமல் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். வருஷக் கடைசி வங்கி இருப்பில் வராத பணம் உட்கார்ந்திருக்கும், அதை மறுபடி பாக்கியாகக் காட்ட வேண்டியிருக்கலாம்.

அவர் 'மறுபடி போடுங்கள்' என்று சொன்னால், செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் அதே செக்கைத் திரும்பப் போடலாம். பழைய வவுச்சரைத் திருத்தாமல் போட்ட நாளில் புது ரசீது எழுதுங்கள். மறுபடி திரும்பினால் புது மெமோ, புதுக் கட்டணம், புதுப் பதிவு.