ரேட்டிங்கை மாற்றச் சொல்லி மேனேஜரிடம் எப்படிக் கேட்பது?

"அப்ரைசலில் 'எதிர்பார்ப்புக்குக் கீழே' என்று போட்டுவிட்டார்கள். மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? எப்படி?"

கேட்கலாம், ரேட்டிங் இறுதியாகும் முன்பே. முதலில் எந்த இலக்கில் குறை என்று மேனேஜரிடமே கேளுங்கள். அது தெரியாமல் செய்த வேலையையெல்லாம் அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

'புகார்களுக்குப் பதில் தாமதம்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இலக்கின் வாசகத்தை அப்படியே எழுதி, கீழே தேதியோடு போடுங்கள்: "மார்ச் 3: பதில் தர சராசரியாக 9 மணி நேரம். மே 12: புதிய முறை தொடக்கம். ஜூன் 30: சராசரி 4 மணி நேரம்." இந்த எண்களைக் காட்டும் ரிப்போர்ட்டையும் இணையுங்கள். பெரும்பாலும் ஆண்டின் முதல் பாதி வேலைதான் மேனேஜருக்கு மறந்திருக்கும், அதனால் தேதிக்கு மதிப்பு அதிகம். குழுவே செய்த வேலை என்றால் உங்கள் பங்கு எது என்று பிரித்துச் சொல்லுங்கள். அவர் சொன்ன குறை உண்மையாக இருந்தால் அதை ஒப்புக்கொள்வதே நல்லது. மறைத்தால் மற்ற ஆதாரமும் எடுபடாது. சக ஊழியரோடு ஒப்பிடவே வேண்டாம்.

பல நிறுவனங்களில் மேலாளர்கள் கூடி ரேட்டிங்குகளைச் சமன்செய்வார்கள். அது முடிந்துவிட்டால் உங்கள் மேனேஜர் மட்டும் நினைத்து மாற்றுவது கடினம். அப்போது அதே குறிப்பை அப்ரைசல் படிவத்தின் ஊழியர் கருத்துப் பகுதியில் சேர்த்துவிடுங்கள்.