பயிற்சிக்கு முன் வயிறு லேசாக இருக்கணும், உடம்பில் வலுவும் வேணும்: என்ன சாப்பிடுவது?

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் இருக்கிறேன். வயது 27, எடை 54 கிலோ. காலை 5.30க்கு ஒன்றேகால் மணி நேரம் யோகா. வாரத்தில் ஐந்து நாள் மாலை 5 மணிக்குப் பரதநாட்டிய வகுப்பு. வயிறு கனத்தால் ஆட முடியாது என்று எப்போதும் லேசாகத்தான் சாப்பிடுகிறேன். விடியக்காலை கட்டங்காப்பி, 8.30க்குத் தேங்காய்ப்பாலோடு இரண்டு இடியாப்பம், மதியம் கொஞ்சம் சோறு, ரசம், துவரன், ராத்திரி மரச்சீனியும் சம்மந்தியும். மீன், முட்டை பிடிக்கும், கனம் என்று பயந்து குறைத்துவிட்டேன். எடை ஏறவில்லை, ஆனால் வலுவும் இல்லை. அரைமண்டியில் தொடை நடுங்குகிறது. என்ன மாற்ற வேண்டும் அக்கா?

பதில்:

லேசாக இருக்க வேண்டியது பயிற்சிக்கு முந்தின மூன்று, நாலு மணி நேரம் மட்டும்தான். நீங்கள் நாள் முழுவதையும் அப்படி ஆக்கிவிட்டீர்கள். நான் படித்தது உணவியல், மார்த்தாண்டத்தில் நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகள் பாதிப் பேரின் சாப்பாடு நீங்கள் எழுதியிருப்பது மாதிரியேதான் இருக்கும்.

முதலில் உங்கள் கணக்கையே பார்ப்போம். இரண்டு இடியாப்பத்தில் புரதம் நாலு கிராம் இருக்கும். ஒரு பிடி அரிசிச் சோற்றில் நாலு. ரசம், துவரன், சம்மந்தி எல்லாம் சேர்ந்து நாலைந்து. மரச்சீனியில் பெயருக்குத்தான் புரதம், ஒரு தட்டுக்கு மூன்று கிராம் தேறினால் பெரிது. மொத்தம் 20 கிராமுக்குள்தான் நிற்கிறது. ஐ.சி.எம்.ஆர். சொல்லும் அளவு கிலோ எடைக்கு 0.83 கிராம். அதுவும் சாதாரண ஆளுக்கு. உங்களுக்கு அது 45 கிராம். தினமும் இரண்டு வேளை உடம்பை வருத்துகிறவர்களுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 வரை வேண்டும். நடுவாக 1.4 வைத்தால் 75 கிராம். தொடை நடுங்காமல் என்ன செய்யும்? ஆடும்போது தசை கொஞ்சம் சிதைகிறது, பிறகு தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்கிறது. கட்டுவதற்குச் சாமான் வரவில்லை.

இனி கனம் என்ற பயத்துக்கு வருவோம். அது பொய்யான பயம் இல்லை. குனியும் ஆசனங்களில் வயிறு மடிந்து அழுந்தும், அரைமண்டியில் உட்கார்ந்து குதிக்கும்போது உள்ளே இருப்பது எல்லாம் குலுங்கும். வயிற்றில் சோறு இருந்தால் புளித்த ஏப்பம் வரும், நெஞ்செரியும், விலாவில் பிடிக்கும். ஆனால் வயிற்றில் தங்கும் நேரம் எல்லா உணவுக்கும் ஒன்றல்ல. பழுத்த பழமோ ஒரு தம்ளர் கஞ்சியோ ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். சோறும் குழம்பும் கூட்டுமாகச் சாப்பிட்டால் மூன்று, நாலு மணி நேரம். எண்ணெயும் கொழுப்பும் கூடினால் அதற்கும் மேல், ஏனென்றால் கொழுப்பு சிறுகுடலுக்கு வந்ததும் இரைப்பையை மெதுவாகக் காலி செய்யச் சொல்லிச் செய்தி போகிறது. ஆக, நம் ஊரில் கனத்துக்குக் காரணம் பெரும்பாலும் தேங்காய்ப்பாலும் பொரித்த மீனின் எண்ணெயும்தான். மீனைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. நீங்கள் லேசு என்று நினைக்கும் தேங்காய்ப்பால் இடியாப்பம், அவித்த முட்டையைவிட அதிக நேரம் வயிற்றில் கிடக்கலாம்.

பயறு வேறு விதம். அதில் சில சர்க்கரைகளை நம் சிறுகுடலால் உடைக்க முடியாது. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்கே கிருமிகள் அவற்றைப் புளிக்கவைக்கும்போதுதான் வாயு உண்டாகிறது. அதற்கு நாலைந்து மணி நேரம் ஆகும். மதியம் 12.30க்குக் கஞ்சியும் பயறும் சாப்பிட்டால் வாயு வருவது சரியாக உங்கள் 5 மணி வகுப்பில். பயறை விடச் சொல்லவில்லை, காலைப் பயிற்சி முடிந்ததும் சாப்பிடுங்கள். மாலை வகுப்புக்குள் அதன் வேலை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ராத்திரியே ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயு இன்னும் குறையும், முளைகட்டினாலும் அப்படியே.

இவ்வளவும் மனதில் வைத்து உங்கள் ஒரு நாளை இப்படி மாற்றிப் போடலாம்.

விடியக்காலை 5 மணிக்குப் பாதி ஏத்தன்பழம், தண்ணீர். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழமாக இருக்கட்டும், அப்போதுதான் மாவு சர்க்கரையாக மாறியிருக்கும். செங்காய் வயிற்றில் கல்லு போலக் கிடக்கும். சிலருக்கு அந்தப் பாதியும் ஆகாது, பிராணாயாமம் செய்யும்போது முட்டும். அவர்கள் வெறும் தண்ணீரோடு போகலாம். முந்தின ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் தசையில் சேமிப்பு இருக்கிறது, ஒன்றேகால் மணி நேர ஆசனத்துக்கு அது போதும்.

7.30க்குப் புட்டும் சிறுபயறும் இரண்டு முட்டையும். இதுதான் நாளின் முக்கியமான மாற்றம். ஒரு சின்னக் குற்றிப் புட்டில் ஐந்து கிராம் புரதம் வரும். உலர்ந்த பயறு 40 கிராம் எடுத்து வேகவைத்தால் ஒன்பது. இரண்டு முட்டை பன்னிரண்டு. மொத்தம் 26. வகுப்புக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் இருக்கிறது, என்ன கனம் வந்தாலும் போய்விடும். பயறு ஒரு வாரம் பழகும் வரை கொஞ்சம் தொந்தரவு செய்யும். முதல் நாளே 40 கிராம் போடாமல் பாதியில் ஆரம்பியுங்கள்.

மதியம் 12.30க்குச் சம்பா அரிசிச் சோறு, இப்போது சாப்பிடுவதைவிட ஒரு அகப்பை கூடுதலாக. கூடவே சாளை மீன் நூறு கிராம், ஒரு கிண்ணம் தயிர். மீன் இருபது, சோறு ஆறு, தயிர் மூன்று: 29. மீனைப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். தேங்காய் வறுத்தரைத்த குழம்பு என்றால் வகுப்பு இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், வகுப்பு நாளில் புளிக்கரைசலில் தேங்காய் குறைத்து வைத்தது போதும். நேரம் முக்கியம். 2 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு 5 மணிக்கு ஆட முடியவில்லை என்று சொல்பவர்களுக்கு நான் வேறு எதுவும் சொல்வதில்லை, கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வேன்.

மாலை 4 மணிக்கு ஒரு தம்ளர் கஞ்சி, உப்புப் போட்டு, சோறு கொஞ்சம் கரைந்தபடி. பயறு வேண்டாம், துவையல் வேண்டாம். நம் கடலோரப் புழுக்கத்தில் வேர்வையாகப் போகும் தண்ணீருக்கும் உப்புக்கும் இதைவிட நல்லது கடையில் கிடைக்காது. இந்த நேரத்திலும் கட்டங்காப்பியை மட்டும் குடித்துவிட்டு ஆடப் போகிறீர்கள் என்றால், அதுவும் நடுக்கத்துக்கு இன்னொரு காரணமாக இருக்கலாம்.

ராத்திரி 7.30க்கு மரச்சீனியை விட வேண்டாம், சம்மந்தியோடு மட்டும் விட்டுவிடாதீர்கள். நெத்திலிக் கறி ஒரு கிண்ணம் சேருங்கள், படுக்கும் முன் ஒரு தம்ளர் பால். நெத்திலி 80 கிராமில் பதினைந்து, பாலில் ஆறு, மரச்சீனியில் இரண்டு: 23. நாள் கணக்கு 78. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனியைப் பரப்பியது பஞ்சத்தில் ஜனங்கள் வயிறு நிறையத்தான். பசி தீர்க்க அது நல்ல கிழங்கு, தசைக்கு மீன் கூட வேண்டும். நம் வீடுகளில் கிழங்கோடு மீன்கறி வைத்தது ருசிக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய், வெள்ளி மீன் எடுக்காத வீடு என்றால், மதிய மீனுக்குப் பதிலாக 25 கிராம் உலர்ந்த சோயா உருண்டை பதின்மூன்று கிராம் தரும், கூடத் தயிரை இரண்டு கிண்ணமாக்குங்கள். சோயாவும் பயறு இனம்தான், சிலருக்கு அதே வாயுத் தொல்லை உண்டு. அப்படியானால் ஐம்பது கிராம் பனீர், ஒன்பது கிராம் வரும். மாலைக்குள் முழுக் கணக்கும் வராத நாளில் ராத்திரி ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை ஏழு கிராம் கொடுக்கும். அதையே 4 மணிக்குச் சாப்பிட்டால் எண்ணெய் காரணமாக வகுப்பில் தெரியும்.

சரியாகப் போகிறதா என்று தராசில் பார்க்காதீர்கள். தட்டடவை மூன்றாம் காலத்தில் கடைசி வரை அரைமண்டி ஏறாமல் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். வகுப்பின் முதல் கால் மணி நேரத்தில் ஏப்பமோ விலாப்பிடிப்போ வந்தால் மதியச் சாப்பாட்டில் எண்ணெய் கூடியிருக்கிறது, அல்லது நேரம் தள்ளியிருக்கிறது. கடைசி இருபது நிமிடத்தில் கை நடுங்கி, எரிச்சல் வந்து, தாளம் காதில் விழாமல் போனால் மாவுச்சத்து போதவில்லை, 4 மணிக் கஞ்சியோடு மீதிப் பாதிப் பழத்தையும் சேருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும், நீங்கள் எழுதவில்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? ஆடுகிறவர்கள் செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடாதபோது உடம்பு முதலில் நிறுத்தும் வேலைகளில் அதுவும் ஒன்று. அதோடு எலும்பும் தேயத் தொடங்கும், காலெலும்பில் மயிரிழை முறிவு வரும். எடை குறையாமலே இது நடக்கும் என்பதால் ஏமாந்துபோவோம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தால் என் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரைக்கு மருந்தோ இருந்தாலும் இந்தப் புரத அளவை அவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கோயில் நிகழ்ச்சி நாட்களில் மட்டும் இந்த நேரம் குழம்பும். 7 மணிக்கு மேடை என்பார்கள், 3 மணிக்கே ஒப்பனைக்கு உட்கார்த்திவிடுவார்கள், மேடை ஏற 8.30 ஆகும். அன்றைக்கு மதியச் சாப்பாட்டை வழக்கம்போல 12.30க்கே முடித்துவிட்டு, 4 மணிக்கும் 6.30க்கும் கஞ்சி குடிக்க ஒரு பிளாஸ்கில் எடுத்துப் போங்கள். சோற்றை நன்றாக மசித்துவிட்டு எடுக்கவும், உதட்டுச் சாயம் போட்டபின் ஸ்ட்ராவில்தான் குடிக்க முடியும்.